வகுப்பின் தானியங்கி எழுத்துப்படியைக் குறிப்பாக்குதல்: வெட்டுவதற்கு முன் ஏன் திருத்த வேண்டும்?

கேள்வி: உத்திரமேரூர் குடவோலை முறை பற்றி எங்கள் ஆசிரியர் தமிழில் எடுத்த ஒரு மணி நேர வகுப்பின் ஒலிப்பதிவை மென்பொருளில் போட்டு எழுத்துப்படி எடுத்தேன். முற்றுப்புள்ளி கூட இல்லை, பெயர்கள் எல்லாம் தப்பாக இருக்கின்றன. எனக்கு இரண்டு பக்கக் குறிப்பு போதும். வேண்டாததை முதலில் வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் திருத்தினால் வேலை குறையாதா? படியிலிருந்து இரண்டு இடங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

குறையாது. வெட்டியபின் திருத்த உட்கார்ந்தால், எது சரி என்று காட்டக்கூடிய இடங்கள் படியில் இருக்கமாட்டா. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலிப்பதிவைத் தேடிக் கேட்க வேண்டிவரும். வகுப்பில் ஆசிரியர் ஒரு கலைச்சொல்லை ஒருமுறை மட்டும் சொல்வதில்லை. அறிமுகம் செய்யும்போது ஒருமுறை, கரும்பலகையில் எழுதும்போது ஒருமுறை, மாணவர் கேட்ட சந்தேகத்துக்கு விடை சொல்லும்போது ஒருமுறை என்று பலமுறை சொல்கிறார். மென்பொருள் அவற்றுள் சிலவற்றைத் தவறாகவும் ஒன்றிரண்டைச் சரியாகவும் எழுதியிருக்கும். நீங்கள் ‘திரும்பத் திரும்ப வருகிறது’ என்று நீக்க நினைக்கும் வரிகளில்தான் அந்தச் சரியான வடிவம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை நீக்கிவிட்டால் தவறான வடிவம் மட்டும் தங்கி, அதுவே ஆசிரியர் சொன்னது போலத் தோன்றும்.

இன்னொரு காரணமும் உண்டு. இத்தகைய மென்பொருள் தனக்குக் கேட்ட ஒலிக்குப் பொருந்தும் சொற்களுள் அதிகம் புழங்கும் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் இயல்புடையது. ‘அப்போ பாருங்க’, ‘அதாவது’, ‘இல்லையா’ போன்ற அன்றாடச் சொற்கள் பெரும்பாலும் பிழையின்றி வந்துவிடும். மன்னர் பெயர், ஊர்ப் பெயர், கல்வெட்டுச் சொல், எண் ஆகியவற்றில்தான் தவறுகள் குவிகின்றன. குறிப்பில் நீங்கள் எழுத வேண்டியவையும் அவையே. ஆகவே வெட்ட வெட்டக் குறிப்பில் பிழையின் விகிதம் ஏறிக்கொண்டே போகும்.

நீங்கள் இணைத்த முதல் இடத்தை எடுத்துக்கொள்வோம்.

> அப்போ பாருங்க பரந்த கண் முதலாம் பரந்த கண் அவரோட பன்னிரண்டாவது ஆச்சி ஆண்டுல ஒரு கல் வெட்டு பதினாலாவது ஆட்சி ஆண்டுல ஒரு கல் வெட்டு அதாவது 919 1921 இந்த ரெண்டும் உத்தரம் ஏறும் ஊர்ல வைகுண்ட பெருமாள் கோயில் சுவத்துல இருக்கு ஊர முப்பது குடும்பமா பிரிச்சாங்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஆள் சரியா வயசு முப்பதுக்கு மேல அறுபதுக்கு உள்ள இரை நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும்

இதில் ‘பரந்த கண்’ பராந்தகன் என்பதும், ‘ஆச்சி ஆண்டு’ ஆட்சியாண்டு என்பதும், ‘உத்தரம் ஏறும் ஊர்’ உத்திரமேரூர் என்பதும் வாய்விட்டுப் படித்தாலே விளங்கிவிடும். இவ்வகைப் பிழைகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பொருளற்று நிற்பதால் அவை தாமாகவே கண்ணில் படும். ‘இரை நிலம்’ என்பதும் அப்படித்தான். ஆசிரியர் சொன்னது இறைநிலம், அதாவது வரி செலுத்தும் நிலம். பேச்சில் ரகர றகர வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுவதால் தமிழ்ப் படிகளில் இது அடிக்கடி வரும். லகர, ளகர, ழகரத்துக்கும் இதே கவனம் வேண்டும்.

‘1921’ என்பதைக் கணக்கு காட்டிக்கொடுக்கிறது. முதலாம் பராந்தகன் 907-இல் ஆட்சிக்கு வந்தான். அதனால் அவனது 12-ஆம் ஆட்சியாண்டு 919, 14-ஆம் ஆட்சியாண்டு 921. நான்கு இலக்க ஆண்டுகளே வழக்கில் மிகுதி என்பதால் மென்பொருள் ஒரு ஒன்றைத் தானாகச் சேர்த்துவிட்டது. ஆட்சியாண்டையும் கிறித்தவ ஆண்டையும் ஆசிரியர் சேர்த்துச் சொன்னதால்தான் இதை ஒலிப்பதிவைக் கேட்காமலே திருத்த முடிகிறது. ‘எதற்கு இரண்டு கணக்கு’ என்று ஆட்சியாண்டுகளை முதலிலேயே வெட்டியிருந்தால் இந்தச் சரிபார்ப்பு கைவிட்டுப் போயிருக்கும்.

மேற்கண்ட எல்லாவற்றையும்விட ஆபத்தானது ‘முப்பது குடும்பம்’. இந்த வாக்கியம் இலக்கணமாகவும் இருக்கிறது, பொருளும் தருகிறது; அதனால் கண் நிற்காமல் கடந்துவிடும். ஆசிரியர் சொன்னது முப்பது குடும்பு. குடும்பு என்பது ஊரின் பிரிவு, இன்றைய வழக்கில் ஏறத்தாழ வார்டு போன்றது. ஒரு குடும்புக்குள் பல வீடுகள் இருக்கும். அதிலுள்ள தகுதி உடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு ஒருவரை எடுத்தார்கள். ‘முப்பது குடும்பம், குடும்பத்துக்கு ஒருவர்’ என்று குறிப்பில் எழுதிவிட்டால் தேர்வு என்ற செயலுக்கே இடமில்லாமல் போய், முப்பது வீட்டாரின் உரிமை என்று பொருள் மாறிவிடுகிறது. இதைக் கண்டுபிடிப்பது எப்படி? படி முழுவதையும் ஒருமுறை படித்தால், பிற்பகுதியில் ஏதோ ஓர் இடத்தில் ‘குடும்புன்னா என்னன்னு கேட்டீங்கன்னா’ என்பது போன்ற ஒரு விளக்கம் சரியாகவே பதிவாகியிருக்கலாம். இல்லாவிட்டாலும், வகுப்பில் கொடுத்த தாளிலோ பாடநூலிலோ அந்தச் சொல் இருக்கும்.

ஆகையால் திருத்தத் தொடங்கும் முன் ஒரு சிறிய சொற்பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள். பாடநூலின் அந்தப் பகுதி, கரும்பலகையின் படம், ஆசிரியர் கொடுத்த தாள் ஆகியவற்றிலிருந்து அந்த வகுப்பில் வரக்கூடிய பெயர்களையும் கலைச்சொற்களையும் எழுதி வைத்தால் போதும். இந்த வகுப்புக்கு அது பராந்தகன், உத்திரமேரூர், பிரம்மதேயம், சபை, குடும்பு, குடவோலை, வாரியம், சம்வத்சர வாரியம், மத்தியஸ்தன், இறைநிலம், வேலி என்று அரைப் பக்கத்துக்குள் அடங்கும். அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியைப் படித்தால், ‘சம்பத் சார் வாரியம்’ என்ற இடம் வரும்போது யார் அந்தச் சம்பத் சார் என்று திகைக்க வேண்டியிராது.

திருத்தும்போது எல்லா இடங்களிலும் ஒரேயடியாகத் தேடி மாற்றும் வசதியைத் தமிழில் நம்ப முடியாது. ‘குடும்பம்’ என்று தேடினால் ‘குடும்பமா’, ‘குடும்பத்துக்கும்’, ‘குடும்பத்துல’ எவையும் அகப்படா, ஏனெனில் மகர ஈறு உருபோ விகுதியோ ஏற்கும்போது மாறிவிடுகிறது. அதற்காக ‘குடும்ப’ என்பதைத் தேடி எல்லாவற்றையும் மாற்றினால், உறவினர் பற்றி ஆசிரியர் உண்மையிலேயே ‘குடும்பம்’ என்று சொன்ன இடங்களும் கெட்டுவிடும். ‘குடும்பத்துக்கு’ என்பது ‘குடும்புத்துக்கு’ என்று வேறொரு பிழையாகவும் ஆகும். எனவே ‘குடும்ப’ என்ற பகுதியைத் தேடி, அகப்படும் ஒவ்வொரு இடத்தையும் பார்த்து, ‘குடும்பு’, ‘குடும்புக்கு’, ‘குடும்பில்’ என்று கையால் மாற்றுவதே பாதுகாப்பு. மூலப் படியைத் தொடாமல் தனியே வைத்து, நகலில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். நேரக் குறியீடுகளையும் அவசரப்பட்டு நீக்காதீர்கள். கீழே உள்ளது போன்ற வரிகள் பார்வைக்கு இடைஞ்சலாக இருந்தாலும், ஐயம் வந்தால் ஒலிப்பதிவின் அந்த நொடிக்கு நேரே போக உதவுபவை அவையே.

```
214
00:23:41,200 --> 00:23:45,900
கணக்கு காட்டினவங்க மறுபடி நிக்க முடியாது
```

இந்த வரி நீங்கள் இணைத்த இரண்டாவது இடத்தில் வருகிறது.

> இப்ப ரெண்டாவது கல் வெட்டுல வயசு முப்பத்தஞ்சுக்கு மேல எழுபதுக்கு உள்ள கணக்கு காட்டினவங்க மறுபடி நிக்க முடியாது அவங்க சொந்தக்காரங்களும் நிக்க முடியாது சம்பத் சார் வாரியத்துக்கு பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம் பன்னிரண்டு பேர் ஏறி வாரியம் மாறு பேர்

கணக்குக் காட்டினவர் ஏன் தகுதி இழக்க வேண்டும் என்ற கேள்வி இங்கே எழ வேண்டும். கல்வெட்டு விலக்குவது வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும். ‘காட்டாதவங்க’ என்பதில் எதிர்மறையைத் தாங்கி நிற்பது நடுவில் வரும் ஒரு சிறு ஒலிதான்; விரைந்து பேசினால் மென்பொருள் அதைத் தவறவிட்டு, வாக்கியத்தின் பொருளை நேர்மாறாக்கிவிடும். உறவினரும் நிற்க முடியாது என்ற அடுத்த வாக்கியம் முந்தையது ஒரு தண்டனை என்பதைக் காட்டுகிறது. ஆயினும் பொருள் தலைகீழாக மாறும் இடங்களில் ஊகத்தோடு நில்லாமல், குறியீட்டில் உள்ள நேரத்துக்குச் சில நொடிகள் முன்பிருந்து ஒலிப்பதிவைக் கேட்டே திருத்த வேண்டும் என்பது என் கருத்து. ‘மாட்டார்’, ‘இல்லை’, ‘கூடாது’, ‘அல்லாத’ வரும் இடங்களையும், அவை வர வேண்டும் என்று தோன்றும் இடங்களையும் இப்படியே நடத்துங்கள்.

‘ஏறி வாரியம் மாறு பேர்’ என்பதன் கதை வேறு. ‘வாரியம் ஆறு’ என்று சேர்த்துச் சொல்லும்போது மகர ஒற்று அடுத்த சொல்லின் உயிரோடு சேர்ந்து ‘வாரியமாறு’ என்றே ஒலிக்கும். மென்பொருள் அதைத் தவறான இடத்தில் பிரித்துவிட்டது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் என்பதே சரி. இதற்கும் கணக்குச் சான்று உண்டு: முப்பது குடும்பிலிருந்து முப்பது பேர் வருகிறார்கள், சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர் போனால் மிஞ்சுவது ஆறு. முதல் இடத்தில் ‘குடும்பு’ என்று திருத்தாமல் இருந்திருந்தால் இந்த முப்பதுக்கும் வாரியங்களுக்கும் உள்ள தொடர்பே தெரிந்திராது.

திருத்தக் கூடாத ஒன்றும் இந்த இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கிறது. அதில்தான் பலர் சறுக்குவார்கள். முதல் இடத்தில் வயது 30-க்கு மேல் 60-க்குள் என்று வருகிறது. இரண்டாவது இடத்தில் 35-க்கு மேல் 70-க்குள் என்று வருகிறது. ‘இத்தனை பிழை உள்ள படியில் இதுவும் ஒரு பிழை’ என்று எண்ணி, பாடநூலில் பரவலாகக் காணும் 35, 70 என்பதையே இரண்டு இடத்திலும் எழுதிவிடத் தோன்றும். ஆனால் இரண்டும் சரியானவை. 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டு 30 முதல் 60 வரை என்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த கல்வெட்டு அதை 35 முதல் 70 வரை என்று மாற்றியது. விதிகள் இரண்டே ஆண்டில் திருத்தப்பட்டன என்பதை விளக்கத்தான் ஆசிரியர் இரண்டு கல்வெட்டையும் தனித்தனியே எடுத்துப் பேசியிருக்கிறார். ‘இப்ப ரெண்டாவது கல் வெட்டுல’ என்ற சொற்கள் வெறும் இணைப்புச் சொற்கள் போலத் தோன்றுவதால், முதலில் வெட்டுபவர் அவற்றைத்தான் முதலில் வெட்டுவார். அதன்பின் அங்கே ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு எண்கள் மட்டுமே இருக்கும்.

ஆகவே ஓரிடத்தைத் திருத்தலாமா என்று முடிவு செய்ய ஒலியும் பொருளும் இரண்டும் ஒத்துவர வேண்டும். படியில் உள்ள சொல்லும் நீங்கள் நினைக்கும் சொல்லும் காதுக்கு அணுக்கமாக ஒலிக்கின்றனவா, அந்தச் சொல்லை வைத்தால் பொருள் நேராகிறதா என்று பாருங்கள். ‘பரந்த கண்’ இரண்டிலும் தேறுகிறது. ‘முப்பது’ என்பதும் ‘முப்பத்தஞ்சு’ என்பதும் ஓரளவு ஒத்து ஒலித்தாலும், ‘அறுபது’ என்பதும் ‘எழுபது’ என்பதும் அடுத்தடுத்து ஒரே நேரத்தில் தவறாகக் கேட்டிருக்க வாய்ப்பு குறைவு. பொருளும் அங்கே கெடவில்லை. அத்தகைய இடத்தை அப்படியே விட்டு, ஐயமிருந்தால் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆசிரியரே வாய்தவறி ஓர் ஆண்டையோ பெயரையோ மாற்றிச் சொல்லியிருந்தால் அது மென்பொருளின் பிழை அன்று. அதை ஓசையின்றித் திருத்தாமல், பக்கத்தில் ஒரு குறி இட்டு ஆசிரியரிடமே கேட்டுக்கொள்வது முறை.

பொருளற்றுப் போன சொற்களால் இன்னொரு தீங்கும் நேர்கிறது. இந்த விதிகள் பிரம்மதேயம் எனப்படும், பிராமணருக்குத் தானமாக அளித்த ஊர் ஒன்றின் பிராமணர் சபைக்கு உரியவை. வேதக் கல்வி, சொந்த மனையில் கட்டிய வீடு, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் ஆகியவை உடையவரின் பெயர்தான் ஓலையில் ஏறும். ஆசிரியர் இந்த வரம்பைச் சொன்ன இடத்தில் படி ‘பிரம்ம தேகம்’ என்று எழுதியிருந்தால், அது ஏதோ ஆன்மிகக் கிளைக்கதை போலத் தோன்றி முதல் வெட்டிலேயே போய்விடும். அதன்பின் உங்கள் குறிப்பு ஊரார் அனைவரும் கலந்துகொண்ட பொதுத் தேர்தல் ஒன்றைச் சித்திரிக்கும். இதேபோல், ஒரு வேதத்தையும் ஒரு பாஷ்யத்தையும் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலம் போதும் என்ற விலக்கு, படியில் ‘அரை கால் வேலி’ என்று பிரிந்து நின்றால், சுருக்குபவர் அதை ‘அரை அல்லது கால்’ என்று வாசித்துவிடுவார். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு.

திருத்தம் முடிந்தபின் வாக்கியங்களுக்கு முற்றுப்புள்ளி இட்டு, பொருள் மாறும் இடங்களில் பத்தி பிரியுங்கள். இதைச் செய்யும்போதே எவை வேண்டாதவை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதன்பிறகு வெட்டலாம். நிரப்புச் சொற்கள், வருகைப் பதிவு, ‘பின்னாடி கேக்குதா’ போன்றவை யோசனையின்றிப் போகலாம். ஆசிரியர் பேசாமல் பலகையில் எழுதிக்கொண்டிருந்த இடைவெளிகளில், யாரும் சொல்லாத வரிகளையோ ஒரே வரியைப் பலமுறையோ சில மென்பொருள்கள் எழுதிவிடுவதுண்டு. முன்பின் தொடர்பில்லாத வரி கண்டால் அந்த நேரத்தைக் கேட்டுப் பார்த்து நீக்கிவிடுங்கள். திரும்பச் சொன்னவற்றுள் மிகத் தெளிவான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். ‘பொதுவாக’, ‘இந்த ஊரில் மட்டும்’, ‘என்று கருதுகிறார்கள்’ போன்ற வரையறைச் சொற்களை மட்டும் நிரப்புச் சொற்களோடு சேர்த்து எறிந்துவிடாதீர்கள்.

மேலே கண்ட இரண்டு இடங்களும் இந்த வழியில் வந்தால் குறிப்பில் இப்படி அமையும்:

> உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (919, 921) உள்ளன. ஊர் 30 குடும்பாகப் பிரிக்கப்பட்டது. குடும்புக்கு ஒருவர் தேர்வு. தகுதி: கால் வேலிக்கு மேல் இறைநிலம், வயது 919-இல் 30–60, 921-இல் 35–70. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்க முடியாது. தேர்வானவர்: சம்வத்சர வாரியம் 12, தோட்ட வாரியம் 12, ஏரி வாரியம் 6.

அளவு கணிசமாகக் குறைந்துவிட்டது, ஆனால் ஆசிரியர் சொன்ன செய்தி ஒன்றும் விடுபடவில்லை. பேச்சு வழக்கு எழுத்து வழக்காக மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தையும் கடைசியில்தான் செய்ய வேண்டும். ‘நிக்க முடியாது’ என்ற பேச்சு வடிவத்தில் இருக்கும்வரை படியையும் ஒலிப்பதிவையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடலாம். ‘போட்டியிடும் தகுதியிலர்’ என்று மாற்றிய பிறகு அது இயலாது.

குறிப்பு முடிந்ததும், அதில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் பெயரையும் எதிர்மறை வாக்கியத்தையும் திருத்திய முழுப் படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுருக்கும்போது நம் கையால் நுழையும் பிழைகள் அங்கேதான் இருக்கும். கேட்டும் தெளியாத இடம் ஏதேனும் மிஞ்சினால் அழகுக்காக ஊகித்து நிரப்பாமல், குறிப்பிலேயே [கேட்கவில்லை, 00:31:10] என்பது போல நேரத்தோடு விட்டுவையுங்கள். அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் கேட்கும்போது எந்த இடம் என்று சொல்ல அந்த நேரக் குறி போதும்.